மேசையில் விழுந்த கோடு

விஜயலட்சுமிக்கு ஒரு பழக்கம். எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரையை எண்ணிக் கொடுத்து, கர்ப்பிணி அட்டையில் தேதியை எழுதி முடித்ததும், பேனாவைத் திருப்பிப் பிடித்து அதன் பின்முனையால் மேசை மேல் நெடுக ஒரு கோடு இழுப்பாள். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் உன் புருஷன் என்று அர்த்தம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண் தலையைக் குனிந்து சிரிப்பாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவாள் விஜயலட்சுமி.

பதினெட்டு வருஷமாக இதுதான் நடந்தது. முதல் ஏழு வருஷம் கல்வராயன் மலைமேல், பிறகு மலையடிவாரத்தில் ஆவாரந்தாங்கல் துணை சுகாதார நிலையத்தில். ஊர் மாறினாலும் கோடு மாறவில்லை. ஆவாரந்தாங்கல் மேசையின் ரெக்சின் உறையில் அந்த இடம் மட்டும் தேய்ந்து வெள்ளையாகத் தெரியும். புதிதாக வருகிற பெண்களுக்கு அது ஏன் என்று தெரியாது. இரண்டாவது பிரசவத்துக்கு வருகிறவர்கள் அவர்கள் காதில் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஆம்பிளைகளுக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் கர்ப்பிணிகள் உள்ளே வரிசையில் நிற்க, கொண்டுவந்து விட்டவர்கள் எதிரே டீக்கடையில் பைக்கின் மேல் சாய்ந்து நிற்பார்கள். நிலையத்தின் வாசற்படியை மிதிக்கிற ஆணை அந்த ஊர் பார்த்ததில்லை. பெண்டாட்டி வெளியே வந்ததும் ஒருவன் கேட்பான்: "இன்னா மச்சான், கோடு போட்டாச்சா?" இன்னொருவன் சொல்வான்: "போட்டாச்சி, போட்டாச்சி. பத்து மாசம் நீ மாட்டுக் கொட்டாயில படுத்துக்க." கொல்லென்று ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு ஜன்னல் வழியாக விஜயலட்சுமிக்கும் கேட்கும். கேட்காதவள் போல அடுத்த அட்டையைப் பிரிப்பாள்.

கோட்டை யாரும் மதிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒற்றை அறை வீடு, ஒரே பாய், இருபத்திரண்டு வயசுப் பெண், இருபத்தாறு வயசுப் பையன். அவள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. அவள் கோடு போட்டதாகவும் அவர்கள் தாண்டாததாகவும் ஊர் முழுக்க ஒரு பாசாங்கு பதினெட்டு வருஷம் ஓடியது. இதனால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

ஏன் எல்லாருக்கும் ஒரே கோடு? பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களா என்றால் இல்லை. பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. பாடம் நடத்தியவர் அந்தப் பக்கம் வந்ததும் "நீங்களே படிச்சிக்கோங்க" என்று புரட்டிவிட்டார். விஜயலட்சுமி மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களின் மகள். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். மலைமேல் வேலைக்குப் போனபோது வயசு இருபத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. கல்யாணமாகாத பெண் வாயில் அந்தப் பேச்சு வந்தால் ஊர் என்ன சொல்லும்? எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஒரு கேள்வியும் வராது. அந்தப் பயத்தில் போட்ட கோடுதான். பிறகு கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளை பிறந்தது. கோடு மட்டும் நிற்கவில்லை.

மலைமேல் கீழ்நொச்சிமேடு என்று ஒரு சிற்றூர். அங்கே பாப்பாத்தி என்று ஒரு பெண் இருந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது வாரத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத் தங்கிய கரு. மாரியம்மன் கோயில் முன்னால் பத்துப் பேர் நிற்க, அவள் மாமியார் விஜயலட்சுமியைப் பார்த்துக் கேட்டாள்: "நர்சம்மா, நீ சொல்லிட்டுத்தான போன? இதுங்க ரெண்டும் சேந்து படுத்துக்கினு கெடந்தா அது எப்பிடி நிக்கும்?"

விஜயலட்சுமி அன்று சொன்னது ஒரு வரிதான். "நான் அப்பவே சொன்னேனே."

பாப்பாத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த தை மாதம் சின்னக்கண்ணு, அதாவது பாப்பாத்தியின் புருஷன், வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். பாப்பாத்தி மிளகு பறிக்கிற ஆட்களோடு குடகுக்குப் போய்விட்டாள். கரு தங்காதவள் என்பது அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதைவிடக் கேவலமாக, அடக்கமில்லாதவள் என்றும் ஒட்டிக்கொண்டது.

விஜயலட்சுமி அதை நினைத்து ஒரு நாளும் தூக்கம் கெட்டவளில்லை. உண்மையைத்தானே சொன்னோம் என்றிருந்தாள். சந்தியாவின் ரத்தத்தைப் பார்க்கும் வரைக்கும்.

சந்தியாவுக்கு இது இரண்டாவது. மூத்தவனுக்கு நாலு வயசு, சுகப்பிரசவம். புருஷன் சுபாஷ் டிராக்டரில் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவன். இருபதாவது வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பதாக எழுதியிருந்தது. நிறைய பேருக்கு அப்படி இருக்கும், கர்ப்பப்பை வளர வளர மேலே ஏறிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். இருபத்தெட்டாவது வாரம் மறுபடி எடுத்தபோது ஏறவில்லை. கர்ப்பப்பையின் வாயை நஞ்சுக்கொடி முழுசாக மூடிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் டாக்டர் அட்டையில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதி, மூன்றாவது வரிக்குக் கீழே சிவப்பில் அடிக்கோடு போட்டிருந்தார்.

அந்த அட்டையைச் சந்தியா செவ்வாய்க்கிழமை கொண்டு வந்தாள். அன்று வரிசையில் முப்பத்து நாலு பேர்.

"நர்சம்மா, டாக்டரு இன்னாவோ சொன்னாங்க. கொடி கீழ கீதாம். எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"ஆமாண்டி, எழுதியிருக்காங்க. பாரம் தூக்காத. கொடத்த இடுப்புல வைக்காத. ரத்தம் பட்டுச்சின்னா ஒடனே எனக்குப் போன் பண்ணு, இன்னா?"

"வேற இன்னாவும் இல்லியே?"

சிவப்புக் கோடு போட்ட வரியை விஜயலட்சுமி படித்தாள். உடலுறவு அறவே கூடாது என்று அதில் இருந்தது. பேனாவைத் திருப்பிப் பிடித்தாள். மேசையில் ஒரு கோடு இழுத்தாள்.

சந்தியா தலையைக் குனிந்து சிரித்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது பார்த்த அதே கோடு. அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கும் போட்ட கோடு. அடுத்து உட்காரப் போகிறவளுக்கும் அதே கோடுதான்.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் போன். சுபாஷ் பேசினான். "யக்கா, ரத்தம்க்கா. கொட்டுது. வலி இல்லன்றா. ஆனா கொட்டுதுக்கா."

வலியில்லாமல் பளிச்சென்று சிவப்பாக வரும் ரத்தம். விஜயலட்சுமிக்கு அது என்னவென்று அந்த நொடியே தெரிந்தது. 108-க்குச் சொல்லி, தெருவில் ஓடி, வண்டியில் அவளும் ஏறினாள். படுக்கையில் சந்தியாவின் பாவாடை நனைந்திருந்தது. இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் வந்த ஆள் உள்ளே கையை வைத்துப் பார்க்கப் போகிறானோ என்று பயந்து, "உள்பரிசோதனை கூடாது, கொடி கீழ இருக்கு" என்று இரண்டு தடவை கத்தினாள். அவன் பேசாமல் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

"புள்ள ஒதைக்குது நர்சம்மா" என்றாள் சந்தியா. அதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வெளியே வராந்தாவில் ஒரு மணி நேரத்துக்குள் வேறு ஒரு விசாரணை தொடங்கிவிட்டது. சுபாஷின் அம்மா ஆயம்மாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்ததும் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"அவளுக்கு அடக்கம் வோணாம்? வவுத்துல புள்ளய வச்சிக்கினு புருசனோட இன்னாடி ஒனக்கு? பாரு, ரத்தமா ஊத்துது. எம் பேரப்புள்ளய முழுங்கிட்டு வந்து நிப்பா பாரு. நிக்கட்டும். இனிமே எம் வூட்டு வாசல்ல நிக்கிறான்னு நானும் பாக்கறேன்."

"யம்மா, சும்மா இரு" என்றான் சுபாஷ். அவன் குரலில் உயிரே இல்லை.

"நீ மூடு! உன்ன இன்னாடா சொல்றது, நீ ஆம்பள. அவளுக்கு எங்க போச்சி புத்தி?"

பக்கத்து வார்டுக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி "ஆமாமா" என்றாள். விஜயலட்சுமிக்கு உடம்பு எரிந்தது. உள்ளே ஒருத்தி பிழைப்பாளா என்று தெரியவில்லை, பிள்ளை பிழைக்குமா என்று தெரியவில்லை, வெளியே அவளுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இரண்டு பேர் படுத்த பாயில் ஒருத்தி மட்டும் குற்றவாளி. அது எந்த ஊர் நியாயம்? தன் ஊர் நியாயம்தான். மலைமேல் மாரியம்மன் கோயில் முன்னால் தானே நின்று தலையாட்டிய நியாயம்தான்.

அவள் சுபாஷை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். "ஏண்டா, படிச்சுப் படிச்சு சொன்னனே. கோடு போட்டு அனுப்புனனே. ஒனக்கு அறிவு இருக்குதா?"

அவன் முதல் முறையாக நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"நீங்க எல்லாருக்கும்தான் போடுறீங்க யக்கா. மூத்தவனுக்கும் போட்டீங்க. எங்கண்ணிக்குப் போட்டீங்க. எதிர் வூட்டு பிரவீன்குமார் பொண்டாட்டிக்கும் போட்டீங்க. எவன் கேட்டான்? எவனுக்கு இன்னா ஆச்சி? இவளுக்கு மட்டும் இது வேற கோடுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? கொடி கீழ கீதுன்னா எவ்ளோ ஆபத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பக்கத்துல போவனா? நான் இன்னா மிருகமா?"

விஜயலட்சுமி திரும்பிக்கொண்டாள். தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினாள். அது நிற்கவில்லை.

மதியம் டாக்டர் கூப்பிட்டார். முப்பது வயசுகூட இருக்காத பெண். ராத்திரிப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாத முகம். ரத்தப்போக்கு குறைந்துவிட்டது, பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது, நுரையீரல் முதிர ஊசி போட்டிருக்கிறோம், இனி பிரசவம் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு, தான் மூன்று வரி எழுதிய அந்த அட்டையைத் தட்டினார்.

"இத நீங்க அவங்களுக்குச் சொன்னீங்களா சிஸ்டர்?"

"எல்லாருக்கும் சொல்றதுதான் டாக்டர். கர்ப்பம்னு தெரிஞ்ச நாள்லருந்தே வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"எல்லாருக்குமா?" டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "ஏன்?"

அந்த ஒற்றைச் சொல் கேள்வி விஜயலட்சுமியைக் குத்தியது.

"சிஸ்டர், எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பத்துல அதால ஒரு கெடுதலும் இல்ல. புள்ள பனிக்குடத்துக்குள்ள தண்ணியில மிதக்குது. சுத்தி கர்ப்பப்பையோட கெட்டியான சுவர். வாய்ல சளி மாதிரி ஒரு அடைப்பு. எதுவும் புள்ளையப் போய்த் தொடாது. அந்த நேரத்துல வயிறு கொஞ்சம் இறுகும், தானா தளர்ந்துடும். பிரசவம் வரைக்கும் இருக்கலாம், அவங்களுக்கு விருப்பமும் சௌகரியமும் இருந்தா. யாருக்கு வேண்டாம்? நஞ்சுக்கொடி வாயை மூடியிருக்கிறவங்களுக்கு. ரத்தம் படுறவங்களுக்கு. பனிக்குட நீர் உடைஞ்சவங்களுக்கு, கிருமி உள்ள ஏறிடும். கர்ப்பப்பை வாய் குட்டையானவங்களுக்கு, தையல் போட்டவங்களுக்கு, மாசம் முன்னாடியே வலி வர்ற ஆபத்து இருக்கறவங்களுக்கு. புருஷனுக்குப் பால்வினைத் தொற்று இருந்தா, ரெண்டு பேரும் வைத்தியம் முடிக்கிற வரைக்கும். நூறுல சில பேருதான் இவங்க. அந்தச் சில பேருக்காகத்தான் நாம வாயத் திறக்கணும். நீங்க நூறு பேருக்கும் ஒண்ணையே சொன்னா அந்தச் சில பேரு எப்படி நம்புவாங்க?"

விஜயலட்சுமிக்குக் கோபம் பொங்கியது. தன்மேல் வந்த கோபம் போகிற வழி தெரியாமல் எதிரில் இருந்தவர்மேல் பாய்ந்தது.

"நீங்க மட்டும் சொன்னீங்களா டாக்டர்? இங்கிலீஷ்ல மூணு வரி. செவப்பு மையில ஒரு கோடு. அந்தப் பொண்ணு அஞ்சாவது வரைக்கும் படிச்சது. அவ புருஷன் வெளிய கேட்டாண்ட நின்னான், அவன உள்ள கூப்புட்டீங்களா? நானாவது மேசையில கோடு போட்டேன், நீங்க காயிதத்துல போட்டீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் வாய்ல இன்னா முள்ளா குத்துது?"

சொன்ன பிறகுதான் பேச்சு வழுக்கி ஊர்ப் பேச்சாகிவிட்டது தெரிந்தது. டாக்டர் கோபப்படவில்லை. அட்டையைத் திருப்பி அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னிக்கு வெளிநோயாளி நூத்தி இருபது பேரு" என்றார். பிறகு, "அது காரணம் இல்ல" என்று தானே சொன்னார்.

எழுந்து கதவு வரை வந்த விஜயலட்சுமி நின்றாள். திரும்பிக் கேட்டாள்.

"டாக்டர், ஒம்பது வாரத்துல கலையிறது... அதனால ஆகுமா?"

"சேர்ந்து இருக்கறதாலயா? இல்ல. அந்தக் காலகட்டத்துல கலையிறதுல பாதிக்கு மேல கருவே சரியா உருவாகாததாலதான். உயிரணு சேர்றப்பவே வர்ற பிழை. யாரும் எதுவும் செஞ்சு வர்றதில்ல. ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றாள்.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "இன்னிக்கு வந்த ரத்தமும் அதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. வாயை மூடுன கொடி, கர்ப்பப்பை வாய் விரியிறப்போ தானாவும் கசியும். அது தூண்டிவிடலாம், அதனாலதான் கூடாதுங்கறோம். குடும்பத்துல யாரையும் குத்தவாளி ஆக்கிடாதீங்க."

வராந்தாவில் ஆயம்மாள் இன்னும் அதே இடத்தில் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். கேட்கிறவர்கள் கூட்டம் பெருத்திருந்தது. விஜயலட்சுமி அந்தக் கூட்டத்தின் நடுவில் போய்ச் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு நர்ஸ் தரையில் உட்கார்ந்ததும் வராந்தா அடங்கியது.

"யம்மா, சந்தியாவ வையாதீங்க. வையணும்னா என்ன வைங்க."

"உன்ன இன்னாத்துக்கு நர்சம்மா? நீதான் கோடு போட்டியே."

"அந்தக் கோடுதான் தப்பு. நல்லா இருக்கறவங்களுக்கும் அதையே போட்டேன், ஆபத்துல இருக்கறவளுக்கும் அதையே போட்டேன். நல்லா இருக்கறவங்களுக்கு அது தேவையே இல்ல. புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணா இருந்தா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. உங்க மூத்த பேரன் வவுத்துல இருந்தப்ப ஒண்ணும் ஆவல இல்ல? இவளுக்குக் கொடி வாய மூடிக்கினு இருக்குது, அதான் கூடாது. அத நான் வாய் தெறந்து சொல்லல. வெக்கப்பட்டேன். என் வெக்கத்துக்கு உங்க மருமக ரத்தம் சிந்துறா."

ஆயம்மாள் வாயைப் பிளந்து பார்த்தாள். "இதெல்லாம் நடு வராந்தாவுல பேசற பேச்சா?"

"நீங்க இவ்ளோ நேரம் எங்க பேசிக்கினு இருந்தீங்க?"

பின்னால் நின்ற கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, பொழச்சிக்குமா?"

"இதுவரைக்கும் ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"எம் மொவன் மேலயும் தப்பு இல்லியா?"

"அவனுக்கு யாரும் சொல்லல."

ஆயம்மாள் எழுந்து, கொண்டுவந்த தூக்குவாளியைச் சுபாஷிடம் கொடுத்தாள். "கஞ்சி. உள்ள குடுக்கச் சொல்லு. ஆறிடப் போவுது." மன்னிப்பு என்று அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்க முடியாது.

சந்தியா ஐந்து வாரத்துக்கு மேல் அந்தக் கட்டிலில் கிடந்தாள். நடுவில் ஒரு தடவை மறுபடி கசிந்து நின்றது. முப்பத்தாறு வாரம் முடிந்ததும் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோ முந்நூறு கிராம். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதில் ஒன்று பிரவீன்குமார் கொடுத்தது. "எங்க வூட்டு கோடு, அவங்க வூட்டு கோடு, ரெண்டும் தாண்டி வந்த ரத்தம்" என்று டீக்கடையில் சொல்லித் திரிந்தான் அவன்.

ஆனால் அதற்கு முன்னாலேயே, ரத்தம் பட்ட அடுத்த செவ்வாய்க்கிழமையே, விஜயலட்சுமி ரெக்சின் உறையைக் கிழித்து எறிந்திருந்தாள். வெறும் பலகையாக இருந்தது மேசை. டீக்கடைக்கு நடந்து போய்ச் சொன்னாள்: "கொண்டாந்து வுட்டவன்லாம் எழுந்து உள்ள வாங்க."

ஒருவனும் அசையவில்லை. "நாங்களா? எங்களுக்கு இன்னா யக்கா மாசமா?" என்றான் ஒருவன்.

"மாசமாக்குனது யாரு? வா."

பதினோரு பேர் வந்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் ஒட்டிய தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விஜயலட்சுமி அவர்கள் எதிரில் போய் நின்றாள். நாற்பத்தோரு வயசு, இரண்டு பிள்ளை பெற்றவள், பதினெட்டு வருஷம் பிரசவம் பார்த்தவள், ஒரு சாதாரண வார்த்தைக்கு வியர்த்துப் போனாள். பிறகு சொன்னாள். யாருக்குப் பயமில்லை என்பதை முதலில் சொன்னாள். வயிறு பெருத்த பிறகு மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுத்தால் சிரமம் குறையும் என்றாள். அவளுக்கு வேண்டாமென்றால் வேண்டாம்தான், அதில் டாக்டருக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை, உனக்கும் வேலையில்லை என்றாள். பிறகு யாருக்குக் கூடாது என்பதைத் தனியாக, ஏன் என்பதோடு சேர்த்துச் சொன்னாள். வரிசையில் இருந்த ஒருத்திக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தது. அவளையும் அவள் புருஷனையும் மட்டும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் வெளியே வரும்போது முகம் மாறியிருந்தது. டீக்கடையில் அன்று யாரும் அவனிடம் கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

பத்து நாளில் அவள் மேல் மனு போனது. நர்ஸ் ஆண்களை உள்ளே வைத்து அசிங்கமாகப் பேசுகிறாள் என்று. மேலதிகாரி கூப்பிட்டு, "எதுக்கும்மா வம்பு? பழைய மாதிரி பட்டும் படாம சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றார். பதினெட்டு வருஷம் தப்பாகச் சொன்னதற்கு ஒரு மனுவும் வரவில்லை. சரியாகச் சொன்ன இரண்டாவது வாரம் வந்துவிட்டது. "பட்டும் படாம சொன்னதுலதான் சார் ஒருத்தி சாகப் பாத்தா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் மனுவைக் கோப்பில் சொருகினார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

குடகில் பாப்பாத்தியின் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. கீழ்நொச்சிமேட்டிலிருந்து மிளகுக்குப் போய்வந்த வேடியப்பன் என்பவனிடம் இருந்தது. சந்தியா குழந்தையோடு வீடு திரும்பிய வாரம், ஒரு மத்தியானம், நிலையத்தின் கதவைச் சாத்திக்கொண்டு விஜயலட்சுமி கூப்பிட்டாள். தான் யாரென்று சொன்னாள். எதிர்முனையில் நாய் குரைத்தது, யாரோ கன்னடத்தில் கூப்பிட்டார்கள்.

"பாப்பாத்தி, அன்னிக்கு ஒனக்குக் கலைஞ்சது நீங்க ஒண்ணா இருந்ததால இல்ல. அது தப்பு. நான் சொன்னது தப்பு. ஒம் மேல ஒரு குத்தமும் இல்ல."

பாப்பாத்தியின் குரல் வந்தது. "தெரியும்."

"தெரியுமா?"

"இங்க வந்து ரெண்டு பெத்தேன். வேற ஆளு. நல்ல ஆளு. இங்கத்த டாக்டரு சொன்னாரு, ஒண்ணும் ஆவாது, பயப்படாதன்னு. அன்னிக்கி வூட்டுக்கு வந்து அழுதேன். ஒன்ன நெனச்சிக்கினுதான் அழுதேன்."

விஜயலட்சுமி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா நர்சம்மா? எனக்குத் தெரியாததா? அன்னிக்கி நீ கோயில் முன்னால சொன்ன. ஊரே கேட்டுச்சி. அங்க வந்து சொல்லு. நான் நிக்கறப்ப சொல்லு. என்ன வச்சிக்கினு சொல்லு. ஆடிக்கு ஊருக்கு வருவேன்."

"வா. சொல்றேன்."

"சொல்லுவியா?"

"சொல்றேன்."

ஆடி வந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று விஜயலட்சுமி விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் மலையேறினாள். கோயில் முன்னால் கூட்டம் இருந்தது. சின்னக்கண்ணு நரைத்துப் போயிருந்தான். அவன் அம்மா, கண் மங்கி, கூழ் அண்டா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று நின்றவர்களில் பாதிப் பேராவது இருந்தார்கள். பாப்பாத்தி வரவில்லை. மழை பிடித்து மிளகுக் கன்று நடுகிற வேலை தொடங்கிவிட்டதால் தோட்டத்தில் விடுப்பு தரவில்லை என்று வேடியப்பன் சொன்னான். எண்ணைப் போட்டுப் பார்த்தாள். தொடர்பு கிடைக்கவில்லை.

அவள் இல்லாமலே சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மேடை மாதிரி ஒரு கல் இருந்தது, ஏறி நின்றால் எல்லாருக்கும் கேட்கும். ஆனால் பாப்பாத்தி கேட்டது அதுவல்ல. தான் தலை நிமிர்ந்து நிற்கிற இடத்தில், தன்னை நிற்கவைத்துக்கொண்டு, அந்த வரி தப்பு என்று சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டாள். அவள் இல்லாமல் சொன்னால் அது விஜயலட்சுமி தன் மனச்சுமையை இறக்கி வைப்பதாக இருக்குமே தவிர, அவள் மேல் ஒட்டிய பழியைத் தீர்ப்பதாக இருக்காது. இப்படி யோசித்துக்கொண்டு நிற்கும்போதே இன்னொன்றும் உறைத்தது. பாப்பாத்தி வரவில்லை என்று வேடியப்பன் சொன்னதும் தனக்குள் ஏதோ ஒன்று மெல்ல மூச்சு விட்டதை அவள் கவனித்திருந்தாள். அதற்காகத் தன்மேல் வந்த கோபம், ஆயம்மாள்மேல் வந்ததைவிட, அந்த மனுவின்மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

யாரோ தொன்னையில் கூழ் கொண்டுவந்து நீட்டினார்கள். "குடி நர்சம்மா. எத்தினி வருசமாச்சி ஒன்னப் பாத்து."

வாங்கிக் குடித்தாள். சாயங்கால பஸ்ஸில் இறங்கினாள். அடுத்த ஆடிக்கு விடுப்பு வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறாள். குடகு எண்ணுக்கு இன்னும் தொடர்பு கிடைக்கவில்லை.